இரண்டாம் பக்கத்தில் இருந்த வரி

ஆரப்பாளையம் பேருந்து நிலையத்துக்கு எதிர்ச் சந்தில், ஒரு லாட்ஜுக்கும் பழக்கடைக்கும் நடுவில் என் கடை இருக்கிறது. டைப்பிங், பிரிண்ட், ஜெராக்ஸ், லேமினேஷன். ஆதார் திருத்தம், வாடகை ஒப்பந்தம், பூப்புனித நீராட்டு விழா அழைப்பிதழ் என்று எது வந்தாலும் செய்வேன். ஆனால் என் கடைக்குப் பேர் வாங்கித் தந்தது ரெஸ்யூம்தான். இன்டர்வியூவுக்குப் போகிற பிள்ளைகள் பஸ்ஸை விட்டு இறங்கி நேராக என்னிடம் வருவார்கள். அதில் எனக்குக் கொஞ்சம் கர்வம் உண்டு. கொஞ்சம் என்ன, நிறையவே உண்டு. எனக்கு மூக்கு மேல் கோபம் வரும் என்றும் சந்துக்குள் பேச்சு உண்டு. இரண்டுமே உண்மை என்பதால் நான் மறுத்ததில்லை.

மதிப்பெண் குறைந்த பிள்ளைகள்தான் என்னிடம் அதிகம் வருவார்கள். நன்றாகப் படித்தவனுக்குக் கல்லூரியிலேயே வேலை கிடைத்துவிடுகிறது, அவன் ஏன் என் சந்துக்கு வரப்போகிறான். வருகிறவர்கள் முதலில் மார்க் ஷீட்டைக் கவிழ்த்து வைப்பார்கள். நான் அதைத் திருப்பிப் பார்த்துவிட்டு வேலையை ஆரம்பிப்பேன். படிப்பைக் கீழே இறக்கிவிட்டு, தெரிந்த வேலையையும் செய்த பிராஜெக்ட்டையும் மேலே ஏற்றுவேன். பத்தாம் வகுப்பு சதவீதம் மோசமாக இருந்தால், கம்பெனி கேட்காதபோது அதை எழுதாமலே விடுவேன். தேறிய வருஷம் மட்டும் போதும். ஒருமுறை ஒருவன் ஐம்பத்தெட்டை அறுபத்தைந்து என்று போடச் சொன்னான். "தம்பி, அசல் சர்டிபிகேட்டை மேசையில வைக்கச் சொல்லுவானே, அப்ப எங்க வச்சு ஒளிப்ப?" என்று கேட்டு அனுப்பிவிட்டேன். விடலாம், மாற்றக் கூடாது. இது நானாக வைத்துக்கொண்ட சட்டம். எல்லாரிடமும் சொல்லுவேன்.

அந்தப் பெண் வந்தது ஒரு சனிக்கிழமை காலை எட்டு மணிக்கு. அப்போதுதான் ஷட்டரைத் தூக்கிக் கடை வாசலில் தண்ணீர் தெளித்திருந்தேன். மெலிந்த பெண், இருபத்து மூன்று வயசு இருக்கும். இஸ்திரி போட்ட சுடிதார். தோளில் பை, கையில் பிளாஸ்டிக் ஃபைல். கொட்டாம்பட்டிக்கு உள்ளே ஒரு கிராமம். விடியற்காலைப் பஸ் பிடித்து மாட்டுத்தாவணியில் இறங்கி, அங்கிருந்து டவுன் பஸ்ஸில் இங்கே வந்திருந்தாள். பத்தரை மணிக்கு வாடிப்பட்டி ரோட்டில் ஒரு கார் உதிரிபாகக் கம்பெனியில் நேர்காணல். தர சோதனை வேலை. அதாவது செய்து வருகிற பாகங்களை அளந்து பார்த்து, சரி, சரியில்லை என்று பிரிக்கிற வேலை.

ஒரு வெள்ளைத் தாளில் எல்லாவற்றையும் கையால் எழுதிக் கொண்டுவந்திருந்தாள். மெக்கானிக்கல் இன்ஜினீயரிங். அவள் ஊர்த் தெருவில் அந்தப் படிப்புப் படித்த முதல் ஆள் அவள்தான். தாளின் நடுவில் ஒரு வரிக்கு மட்டும் ஸ்கேல் வைத்துக் கோடு போட்டிருந்தாள். 'அரியர்: ஆறு. அனைத்தும் தேர்ச்சி. தற்போது நிலுவை எதுவும் இல்லை.'

எனக்குச் சிரிப்பு வந்தது. "ஏம்மா, அவனவன் இதை மறைக்கிறதுக்குத்தான் எங்கிட்ட வாரான். நீ கோடு போட்டுக் காட்டுறியே."

"இருக்கட்டும்க்கா. இது கட்டாயம் வேணும்."

"மொத்த கிரேடு ஏழுக்கு மேல இருக்கு. அதை மட்டும் போட்டுட்டுப் போ. கேட்டா வாயால சொல்லிக்க."

அவள் நின்றபடியே காரணத்தைச் சொன்னாள். பன்னிரண்டாவது வரை தமிழ் வழி. முதல் வருஷம் வகுப்பில் நடத்தியது பாதி புரியவில்லை. கணக்கு, இயற்பியல், வரைபடம் என்று முதல் இரண்டு செமஸ்டரில் ஆறு தாள் போய்விட்டது. அதற்குப் பிறகு ஒன்றுகூடப் போகவில்லை. விட்டதை ஒவ்வொன்றாக எழுதித் தேறினாள். கணக்குத் தாள் ஒன்று மட்டும் படிப்பு முடிந்து ஆறு மாதம் கழித்துத்தான் கைக்கு வந்தது. கூடப் படித்தவர்களுக்கு ஒரு வருஷம், இவளுக்கு வேறு வருஷம் என்று பட்டத்தில் இருக்கும். இதற்கு முன் மூன்று நேர்காணல் போயிருந்தாள். மூன்றிலும் ரெஸ்யூமில் இதை எழுதவில்லை. மூன்றிலும் நடுவில் யாராவது செமஸ்டர் மார்க் ஷீட்டைப் புரட்டி, "இது என்னம்மா?" என்று கேட்டார்கள்.

"திருடிட்டு மாட்டிக்கிட்ட மாதிரி இருந்துச்சுக்கா. அதுக்கப்புறம் எனக்குத் தெரிஞ்சதுகூட வாயில வரல."

இந்தக் கம்பெனிக்கு அவளே போன் போட்டுக் கேட்டிருக்கிறாள். ஆள் எடுக்கிற பிரிவில் ஒரு அம்மா பேசினாராம். இப்போது நிலுவை இருக்கக் கூடாது, முன்பு இருந்து தேறியிருந்தால் பரவாயில்லை, ஆனால் எத்தனை என்று ரெஸ்யூமிலேயே எழுதிக்கொண்டு வாருங்கள் என்று சொன்னாராம். பல கம்பெனிகளில் அரியர் ஒருமுறை வந்திருந்தாலே வாசலோடு சரி. இப்படிச் சொல்கிறவர்கள் குறைவு. அவளுக்கு அது தெரிந்திருந்தது. இன்னொன்றும் சொன்னாள். ஒரு வருஷமாக வீட்டில் இருக்கிறாளாம். தைக்குள் வேலை கிடைக்காவிட்டால் மாப்பிள்ளை பார்க்க ஆரம்பித்துவிடுவார்களாம். வேலைக்குப் போய்விட்டால் இரண்டு மூன்று வருஷத்துக்கு யாரும் பேச மாட்டார்கள்.

அதற்கு மேல் நான் வாதாடவில்லை. அவள் சொன்னதுதான் சரி. தேறிய அரியரை இப்படி நேராக ஒரு வரியில் சொல்லிவிட்டுப் போவதுதான் அந்த இடத்துக்குப் பொருத்தம். காரணம், கண்ணீர் எதுவும் தாளில் வேண்டாம், கேட்டால் இரண்டு வாக்கியத்தில் சொல் என்று மட்டும் சொன்னேன். "முதல் வருஷம் ஆங்கிலத்துல தடுமாறினேன். மூணாவது செமஸ்டர்ல இருந்து எதுவும் போகல." இதை ஆங்கிலத்தில் சொல்லிப் பார்க்கச் சொன்னேன். சொன்னாள். நன்றாகவே சொன்னாள்.

இப்போது நான் செய்ததைச் சொல்ல வேண்டும். என்னைப் போல் கடை வைத்திருப்பவர்கள் யாரும் ரெஸ்யூமை முதலிலிருந்து அடிப்பதில்லை. போன வாரம் வந்தவனுடைய ஃபைலைத் திறந்து, வேறு பெயரில் சேமித்து, அதன் மேலேயே எழுதுவோம். கட்டம், கோடு, எழுத்து அளவு எல்லாம் தயாராக இருக்கும். அதே படிப்புப் படித்தவனுடைய ஃபைல் என்றால் இன்னும் சுலபம். இரண்டு நாளுக்கு முன் ஒரு பையன் வந்து போயிருந்தான், அதே மெக்கானிக்கல், நல்ல மார்க். அவனுடையதைத் திறந்தேன். பெயரை மாற்றினேன், ஊரை மாற்றினேன், தந்தை பெயர், பிறந்த தேதி, மதிப்பெண், பிராஜெக்ட் எல்லாம் மாற்றினேன். முதல் பக்கத்தில் படிப்புக்குக் கீழே அந்த அரியர் வரியை அழகாகக் கட்டம் போட்டு வைத்தேன்.

அவள் முதல் பக்கத்தை மூன்று தடவை படித்தாள். அரியர் வரியில் ஒரு விரலை வைத்துக்கொண்டு படித்தாள். சந்து முனையில் வாடிப்பட்டிப் பஸ் கண்டக்டர் கூப்பிட ஆரம்பித்தார். இரண்டாம் பக்கத்தைத் திருப்பினாள்.

"அதுல ஒண்ணுமில்லம்மா. பலம், பொழுதுபோக்கு, மேலே சொன்னது எல்லாம் உண்மைன்னு உறுதிமொழி. எல்லாருக்கும் ஒரே மாதிரிதான். கையெழுத்துப் போட்டுட்டு ஓடு, பஸ்ஸு போயிரும்."

கையெழுத்துப் போட்டாள். "போயிட்டு வாரேன்க்கா" என்று சொல்லிவிட்டு ஓடினாள். எனக்கு அன்றைக்கு மனசு நிறைந்திருந்தது. பழக்கடைக்காரரிடம், இந்தப் பிள்ளைக்குக் கிடைக்கும் பாருங்கண்ணே என்றுகூடச் சொன்னேன்.

சாயங்காலம் நான்கு மணிக்கு அவள் திரும்பி வந்தாள். கடையில் ஆள் இருந்தது. அவர்கள் போகிற வரைக்கும் ஓரமாக நின்றாள். பிறகு இரண்டாம் பக்கத்தை எடுத்து மேசையில் வைத்தாள். 'பலங்கள்' என்ற தலைப்பின் கீழ் மூன்றாவது வரி. ஆங்கிலத்தில் இருந்தது. எல்லாத் தாள்களிலும் முதல் முயற்சியிலேயே தேர்ச்சி பெற்றவர்.

அந்தப் பையனுடைய வரி.

நேர்காணலில் மூன்று பேர் இருந்தார்களாம். அளவுக் கருவிகளைக் கொடுத்துச் சில பாகங்களை அளக்கச் சொன்னார்களாம். ஒன்றும் தப்பில்லை. அரியர் பற்றிக் கேட்டார்கள், இரண்டு வாக்கியத்தில் சொன்னாள், தலையை ஆட்டினார்கள். ஒருவர், நேர்மையாக எழுதியிருக்கிறீர்கள், நல்லது என்றுகூடச் சொன்னாராம். அதற்குப் பிறகு அவரே பக்கத்தைத் திருப்பினார். படித்தார். பக்கத்திலிருந்தவரிடம் காட்டினார். அவர் சிரித்துவிட்டார்.

"எது நெசம்மா, முதல் பக்கமா ரெண்டாவது பக்கமா?" என்று கேட்டாராம்.

அவள் முதல் பக்கம் என்றாள். "அப்ப இதுக்குக் கீழே ஏன் கையெழுத்துப் போட்டீங்க?" என்று கேட்டார்கள். சரியாகப் பார்க்கவில்லை என்றாள். பொய் சொன்னீர்கள் என்று யாரும் சொல்லவில்லையாம். கவனிக்கவில்லை என்றுதான் எடுத்துக்கொண்டார்கள். ஆனால் அந்த வேலைக்குக் கவனம்தானே எல்லாம். தன்னைப் பற்றி எழுதிய இரண்டு பக்கத்தைப் பார்க்காமல் கையெழுத்துப் போடுகிறவர், நாளைக்கு எங்கள் பாகத்தைப் பார்த்துச் சரி என்று எப்படிக் கையெழுத்துப் போடுவார் என்று அந்த மூன்றாவது ஆள் கேட்டாராம். மரியாதையாகத்தான் கேட்டாராம். தகவல் சொல்கிறோம் என்று அனுப்பிவிட்டார்கள்.

இதையெல்லாம் அவள் குரல் உயர்த்தாமல் சொன்னாள். நான் என்ன செய்திருக்க வேண்டும் என்று இப்போது எனக்குத் தெரியும். அப்போது எனக்கு வந்தது கோபம். மாட்டிக்கொண்டவர்களுக்கு வருகிற கோபம்.

"நீ படிச்சுப் பார்த்திருக்க வேண்டாமா? இன்ஜினீயரிங் படிச்ச பிள்ளைதானே நீ? ரெண்டு பக்கம் படிக்க எம்புட்டு நேரமாகும்?"

அவள் என்னைப் பார்த்தாள். "நீங்க எல்லாருக்கும் ஒரே மாதிரின்னு சொன்னீங்கக்கா."

அவ்வளவுதான் சொன்னாள். தாளை எடுத்து ஃபைலில் வைத்துக்கொண்டு போய்விட்டாள். என்னை அடித்திருந்தால்கூட எனக்கு அந்த அளவு வலித்திருக்காது. இத்தனை வருஷத்தில் அன்றைக்குத்தான் நான் கடையைச் சாயங்காலமே மூடினேன். வீட்டில் என்ன என்று கேட்டார்கள். தலைவலி என்றேன்.

ஞாயிற்றுக்கிழமை முழுக்க ஒரே யோசனை. திங்கட்கிழமை காலையில் அந்தக் கம்பெனியின் வேலை விளம்பரத்தில் இருந்த நம்பருக்குப் போன் போட்டேன். அவள் பேசியதாகச் சொன்ன அந்த அம்மாதான் எடுத்தார். நான் டைப்பிங் கடைக்காரி, தப்பு என்னுடையது, பழைய ஃபைலில் இருந்த வேறொருவருடைய வரியை அழிக்க மறந்துவிட்டேன், படிக்க விடாமல் பஸ்ஸுக்கு விரட்டியதும் நான்தான் என்று ஒன்று விடாமல் சொன்னேன்.

"அந்தப் பொண்ணு கடையில அடிச்சதுன்னு சொல்லவே இல்லையே மேடம். நான் சரியாப் பாக்கல, தப்பு என்னோடதுதான்னு மட்டும்தான் சொல்லுச்சு" என்றார்.

மறுபடி ஒரு தடவை கூப்பிட்டுப் பாருங்களேன் என்றேன். நான் யாரிடமும் கெஞ்சிப் பழக்கமில்லாதவள். அன்றைக்குக் கெஞ்சினேன். நேர்காணல் நடத்தியவர்கள் சனிக்கிழமையே பட்டியலை முடித்துவிட்டார்கள், இரண்டு இடம்தான், இரண்டும் போய்விட்டது என்றார் அவர். அடுத்த முறை எடுக்கும்போது வரச் சொல்லுங்கள் என்றார். அடுத்த முறை எப்போது என்று கேட்டேன். தெரியாது மேடம் என்றார். அவரிடம் கோபப்பட ஒன்றுமில்லை.

அவளுக்குப் போன் போட்டு இதைச் சொன்னேன். மன்னிப்பும் கேட்டேன். "பரவாயில்லக்கா, நீங்க பேசுனதே பெருசு" என்றாள். திருத்திய ரெஸ்யூமை வாட்ஸ்அப்பில் அனுப்பினேன். அனுப்புவதற்கு முன் இரண்டு பக்கத்தையும் வாய்விட்டுப் படித்தேன். அவள் அதை வைத்து நாலைந்து இடத்துக்கு அனுப்பினாள். ஓரிடத்தில் இணையப் படிவத்தில், அரியர் உண்டா என்ற கேள்விக்கு ஆம் என்று அழுத்தியதுமே, நீங்கள் தகுதி பெறவில்லை என்று வந்துவிட்டதாம். மற்ற இடங்களில் பதிலே இல்லை. வாரம் ஒருமுறை நான் விசாரிப்பேன். பிறகு அவள் பதில் போடுவது குறைந்தது. நானும் விசாரிக்கக் கூச்சப்பட்டு விட்டுவிட்டேன். விட்டிருக்கக் கூடாது.

மார்கழி முடிகிற சமயம், ஒரு நாள் மத்தியானம் அவள் கடைக்கு வந்தாள். கூட அவளுடைய அப்பா வந்திருந்தார். வெள்ளை வேட்டி, வெயிலில் காய்ந்த உடம்பு. ஒரு காலத்தில் பிறர் நிலத்தில் கூலிக்கு நின்றவராம், இப்போது கொஞ்சம் சொந்த நிலத்தில் கடலை போடுகிறார். வந்ததும் கும்பிட்டார். பாப்பாவுக்கு மதுரையில் பெரிய ஜவுளிக்கடையில் வேலை பேசியிருக்கு என்றார். கம்ப்யூட்டரில் பில் போடுகிற வேலையாம், தங்குகிற இடம் அவர்களே தருகிறார்களாம்.

அவரை ஸ்டூலில் உட்காரச் சொல்லிவிட்டு அவள் என் பக்கத்தில் வந்து நின்றாள். குரலைத் தாழ்த்திக்கொண்டாள்.

"பயோடேட்டா ஒரு பக்கம் கேக்குறாங்கக்கா. பிளஸ் டூ வரைக்கும் போடுங்க. போதும்."

எனக்கு முதலில் விளங்கவில்லை. "டிகிரி?"

"டிகிரி படிச்சவங்களை எடுக்க மாட்டாங்களாம். நிக்க மாட்டாங்க, வேற வேலை கிடைச்சா ஓடிருவாங்கன்னு சொல்றாங்க. எடுத்துருங்கக்கா."

"அதுக்கப்புறம் இத்தனை வருஷம் என்ன பண்ணுனன்னு கேட்டா?"

"வீட்டுல இருந்தேன்னு சொல்லிக்கிறேன்."

"இது வேணாம்மா" என்றேன். "இன்னும் கொஞ்சம் பொறுத்துப் பாரு. ஆறு அரியரை வெளிய சொல்ல நீ கூசல. படிச்ச படிப்பை ஏன் மறைக்கணும்?"

"விடலாம், மாத்தத்தான் கூடாதுன்னு நீங்கதானக்கா எல்லாருக்கும் சொல்லுவீங்க" என்றாள். குத்திக் காட்டுகிற மாதிரி அவள் சொல்லவில்லை. எனக்கு அனுமதி கொடுக்கிற மாதிரி சொன்னாள். "தை பிறக்கப் போகுது. அப்பா ஒரு இடம் பார்த்து வச்சிருக்காரு. இது கிடைச்சாத் தள்ளிப்போடலாம்னு ஒத்துக்கிட்டாரு."

நான் அவளுடைய ஃபைலைத் திறந்தேன். இன்ஜினீயரிங் என்ற வரியை அழித்தேன். கல்லூரி, வருஷம், கிரேடு அழித்தேன். பிராஜெக்ட் அழித்தேன். கட்டம் போட்டு வைத்திருந்த அரியர் வரி கடைசியாகப் போனது. இரண்டாம் பக்கத்தில் இருந்தவையும் மேலே ஏறி வந்து எல்லாம் ஒரே பக்கத்தில் அடங்கிவிட்டது. என் கண்ணில் நீர் முட்டியதால் திரை சரியாகத் தெரியவில்லை. அழுவதற்கு எனக்கு உரிமையில்லை என்று தெரிந்ததால் கண்ணாடியைக் கழற்றித் துடைத்துக்கொண்டேன்.

பிரிண்ட் எடுத்துக் கொடுத்தேன். முதல் எழுத்திலிருந்து கடைசி எழுத்து வரை நிதானமாகப் படித்தாள். கையெழுத்துப் போட்டாள். அவளுடைய அப்பா எழுந்து வந்து, கையை வேட்டியில் துடைத்துவிட்டுத் தாளை வாங்கிப் பார்த்தார். அவருக்கு ஆங்கிலம் தெரியாது.

"இதுல இன்ஜினீயருன்னு எங்கத்தா போட்டுருக்கு?" என்று கேட்டார்.

அவள் ஒரு கணம்கூடத் தயங்கவில்லை. தாளின் மேல்பக்கத்தில், அவள் பெயருக்குக் கீழே, வீட்டு விலாசம் இருந்த இடத்தில் விரலை வைத்தாள்.

"இந்தா இருக்குல்லப்பா" என்றாள்.

அவர் குனிந்து, அந்த வரியைக் கொஞ்ச நேரம் பார்த்துக்கொண்டு நின்றார். பிறகு என்னிடம் திரும்பி, "நல்லாப் பெருசா போட்டிருக்கலாமேம்மா" என்றார்.